நீல விளக்கு சொல்லும் செய்தி

நுழையும்முன்

காரின் முகப்புப் பலகையில் தோன்றும் சிவப்பு விளக்கைக் கண்டால் எவரும் பதறுவர். நீல விளக்கைக் கண்டால் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. இயந்திரத்தின் ஆயுளை மெல்ல மெல்லக் குறைக்கும் பழக்கம் ஒன்று அந்தப் பொருட்படுத்தாமையில் தொடங்குகிறது. சென்னையின் தென்புறநகர்ச் சாலைகளில் நாள்தோறும் நிகழும் இச்சிறு நிகழ்வின் பின்னுள்ள அறிவியலை இக்கட்டுரை விளக்குகிறது.

விளக்கும் அதன் நிறமும்

செம்பாக்கத்தில் ஒரு வீட்டின் வாயிலில் இரவு முழுவதும் நின்ற கார் ஒன்றை விடியற்காலையில் இயக்குவதாகக் கொள்வோம். சாவியைத் திருப்பியதும் பல விளக்குகள் எரிந்து, சில நொடிகளில் அணைகின்றன. ஒன்று மட்டும் அணையாமல் நிற்கிறது. நீர் அலைகளின் நடுவே நிற்கும் வெப்பமானியைப் போன்ற அதன் வடிவம் நீல நிறத்தில் ஒளிர்கிறது. ஊர்திகளின் முகப்புக் குறியீடுகளை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 2575 என்னும் பன்னாட்டுத் தரநூலில் இவ்வெப்பமானி வடிவம் இடம்பெற்றுள்ளது. ஆதலால் எந்நாட்டுக் காராயினும் வடிவம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

அக்குறியீடு கூலன்டின் வெப்பநிலையைக் குறிக்கிறது. இயந்திரத்தின் உட்சுவர்களுக்கு இடையே ஓடி, அங்குள்ள வெப்பத்தை ஏந்திச்செல்லும் நீர்மமே கூலன்ட் ஆகும். அது தூய நீரும், துரு ஏறாமலும் எளிதில் கொதிக்காமலும் காக்கும் வேதிப்பொருள்களும் கலந்தது. அதில் நனைந்திருக்கும் உணரி ஒன்று வெப்பநிலையை அளந்து, இயந்திரத்தை ஆளும் கணினிக்கு இடையறாது தெரிவிக்கிறது. அவ்வெப்பநிலை ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியசுக்குக் கீழிருந்தால் நீல விளக்கு எரியும். அதனைக் கடந்ததும் அணையும். துல்லியமான எல்லை காருக்குக் கார் மாறுபடும். அதே வடிவம் சிவப்பாக எரிந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். உடனே ஓரமாக நிறுத்த வேண்டும்.

சிவப்பு, நில் என்கிறது. நீலம் அவ்வாறு சொல்வதில்லை. செல்லலாம், ஆனால் இயந்திரத்தைக் கடுமையாக உழைக்க வைக்காதே என்பதே அதன் செய்தி. விரைவாக முடுக்குதல், இயந்திரத்தை மிகுந்த சுழற்சிக்குக் கொண்டுசெல்லுதல், முழுச் சுமையுடன் மேம்பாலத்தில் பாய்ந்தேறுதல் ஆகியவை கடுமையான ஓட்டத்துள் அடங்கும். நீலம் எரியும் நேரத்தில் இவற்றை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதை அறிய, இயந்திரத்தின் உள்ளே சற்று நோக்க வேண்டும்.

குளிர்ந்த இயந்திரத்தின் உள்ளே

இயந்திரம் ஓடத் தொடங்கும்போது அதன் உறுப்புகளுக்கு இடையே எண்ணெயால் ஆன மெல்லிய படலம் ஒன்று இருந்தாக வேண்டும். உலோகமும் உலோகமும் நேராக உராயாமல் காப்பது அப்படலமே. எண்ணெயின் பாகுநிலையோ வெப்பத்திற்கேற்ப மிகவும் மாறுகிறது. இன்று பல கார்களில் ஊற்றப்படும் 5W-30 வகை எண்ணெய், 25 டிகிரியில் இருக்கும்போது, 100 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு தடிப்பானது. சமையலறையில் தேங்காய் எண்ணெய் குளிரில் தடித்து, சூட்டில் நீராக ஓடுவதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது.

தடித்த எண்ணெய் நன்றாகக் காக்குமே என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பிழையானது. எண்ணெயைத் தள்ளும் பம்பு, தடித்த எண்ணெயைக் குறுகிய வழிகளில் செலுத்தத் திணறுகிறது. அழுத்தம் எல்லையைத் தாண்டுகிறது. அப்போது விடுவிப்பு வால்வு திறந்து, எண்ணெயின் ஒரு பகுதியைப் பம்பின் பக்கத்திற்கே திருப்பியனுப்புகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தி இயந்திரத்தை வேகமாகச் சுழற்றினால், உறுப்புகள் கூடுதல் எண்ணெயைக் கேட்கும் அந்நேரத்தில், பம்பு தள்ளிய எண்ணெயில் பெரும்பங்கு அவற்றைச் சேராமலே திரும்பிவிடுகிறது. டர்போ பொருத்திய கார்களில் இதன் விளைவு இன்னும் கூடுதலாகும். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் முறைக்கு மேல் சுழல வல்லது, அதனைத் தாங்குவதும் எண்ணெய்ப் படலமே.

இரண்டாவது, உலோகங்களின் விரிவு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது மேலும் கீழும் இயங்கும் சிலிண்டரின் உட்சுவர் பல கார்களில் வார்ப்பிரும்பால் ஆனது. இயற்பியல் பாடத்தில் படித்த நீள் விரிவை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனும் அதே விட்டமுள்ள இரும்பு உருளையும் 70 டிகிரி சூடேறினால், அலுமினியம் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் விரியும். இரும்பு அதில் பாதியளவே விரியும். வேறுபாடு ஒரு தலைமயிரின் தடிமன் அளவே எனினும், இயந்திரத்திற்குள் அது பெரிய அளவு. இவ்வேறுபாட்டைக் கருதியே பிஸ்டனின் உருவம் வரையறுக்கப்படுகிறது. குளிர்ந்த நிலையில் அது முழு வட்டமாக இராது. சற்றே நீள்வட்டமாக இருக்கும். உரிய சூட்டை அடைந்த பிறகே அது தன் சரியான வடிவத்தை எய்துகிறது.

குளிர்ந்த இயந்திரத்தைத் திடீரெனக் கடுமையாக முடுக்கினால், எரியும் வாயுவை நேராகச் சந்திக்கும் பிஸ்டன் விரைந்து சூடாகி விரிகிறது. சுற்றியுள்ள சுவரோ இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. இரண்டும் ஒன்றாக விரிய வேண்டிய இடத்தில் ஒன்று முந்திக்கொள்கிறது. இடைவெளி நெருங்குகிறது, எண்ணெய்ப் படலம் இன்னும் நிலைபெறாத அவ்விடத்தில் சிராய்ப்பு ஏற்படுகிறது. மெதுவாக ஓட்டினால் இரண்டும் ஏறத்தாழ ஒருசேரச் சூடாகும்.

மூன்றாவது, எரிபொருள். பெட்ரோல் ஆவியானால்தான் காற்றுடன் கலந்து சீராக எரியும். குளிர்ந்த சுவரில் பட்ட பெட்ரோல் துளிகள் முழுதும் ஆவியாவதில்லை. இக்குறையை ஈடுசெய்யக் கணினி கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகிறது. எரியாது எஞ்சிய பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் இறங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு ஆழமாக மிதிக்கிறோமோ அவ்வளவு கூடுதலாகப் பெட்ரோல் இறங்கும். இயந்திரம் நன்கு சூடான நிலையில் நெடுநேரம் ஓடினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடும். ஓடாவிட்டால் அங்கேயே தங்கும்.

தெரிந்து தெளிவோம்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதால் உண்டாகும் நீர் இது. அதில் பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். காலையில் காரின் பின்குழாயிலிருந்து நீர் சொட்டுவதற்கு இதுவே காரணம். சிறிது ஆவி பிஸ்டனின் இடுக்கு வழியே கசிந்து, எண்ணெய்ப் பகுதிக்குள் சென்று, அங்கே குளிர்ந்த சுவரில் நீர்த்துளியாக மாறுகிறது.

வெப்பமான ஊரில் குளிர்ந்த இயந்திரமா?

பனி பெய்யும் நாடுகளுக்கே இவையெல்லாம் பொருந்தும், தாம்பரத்திற்கு இது எதற்கு என்னும் வினா இயல்பானது. அதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். இயந்திரம் விரும்பும் கூலன்ட் வெப்பநிலை ஏறத்தாழ 90 டிகிரி. மார்கழி விடியலில் தாம்பரத்தின் காற்று 22 டிகிரி அளவில் இருந்தால், இயந்திரம் 68 டிகிரி ஏற வேண்டும். கோடை நண்பகலில் நிழலில் நின்ற கார் 38 டிகிரியில் இருந்தாலும், இன்னும் 52 டிகிரி ஏற வேண்டும். நம் உடலுக்கு இவ்விரு நாள்களும் வெவ்வேறு உலகங்கள். இயந்திரத்திற்கோ, கோடையிலும் பயணத்தின் நான்கில் மூன்று பங்கு எஞ்சியிருக்கிறது. நம் கைக்குச் சூடாகத் தோன்றும் 45 டிகிரி நீர், இயந்திரத்தின் அளவுகோலில் குளிர்ந்த நீரே. ஆகவே வெயிற்காலத்திலும் நீல விளக்கு எரிவது பழுதன்று.

இந்தத் தவறான எண்ணத்தால் நம் ஊர்களில் நெடுங்காலம் நிலவிய பழக்கம் ஒன்றுண்டு. அதுவே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுதல். தெர்மோஸ்டாட் என்பது இயந்திரத்திற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அமர்ந்துள்ள சிறு கதவு. அதன் குமிழுக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் மெழுகு திடமாயிருக்க, கதவு மூடியே இருக்கும். கூலன்ட் இயந்திரத்திற்குள்ளேயே சுற்றி விரைவாகச் சூடேறும். சுமார் 82 முதல் 88 டிகிரி அளவில் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்க, கூலன்ட் ரேடியேட்டருக்குச் சென்று வெப்பத்தை இறக்கிவைக்கும்.

வெயிலூரில் இயந்திரம் கொதிக்காமலிருக்க இக்கதவு தடையாகும் என்று கருதிச் சிலர் அதனை நீக்கிவிடுவர். பின்னர் கூலன்ட் தொடக்கத்திலிருந்தே ரேடியேட்டரில் ஓடிக் குளிர்கிறது. இயந்திரம் உரிய சூட்டை அடைய நெடுநேரமாகிறது. வேகமாகச் செல்லும் நெடுஞ்சாலையில், எதிர்க்காற்றின் குளிர்ச்சியால், அடையாமலேகூடப் போகலாம். கணினியோ இயந்திரம் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே கருதிக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டிருக்கும். கொதிப்பிலிருந்து காக்கச் செய்த செயல், இயந்திரத்தை ஓயாத குளிர்நிலையில் வைத்துவிடுகிறது. கொதிப்பதன் காரணம் கூலன்ட் குறைவோ, ஓடாத மின்விசிறியோ, அடைத்த ரேடியேட்டரோ எனில், அவையும் தீராமலே நிற்கும்.

காத்திருத்தல் எப்படி?

காத்திருக்க வேண்டும் என்றவுடன், வீட்டுவாயிலில் காரை இயக்கிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்திவைப்போர் உண்டு. அதனால் விளையும் நன்மை சிறிது, தீமையே மிகுதி. நின்ற இடத்தில் ஓடும் சிறிய இயந்திரம் மணிக்கு ஒரு லிட்டர் அளவிலேயே பெட்ரோலை எரிக்கிறது. அதே கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்ற கணக்கில் ஓடினால், மணிக்கு இரண்டரை லிட்டரை எரிக்கும். எரியும் பெட்ரோலே வெப்பத்தின் ஊற்று. ஆகவே மெதுவாக ஓடும் இயந்திரம், நிற்கும் இயந்திரத்தைவிட விரைவில் சூடாகிறது. எண்ணெயில் பெட்ரோல் இறங்கும் காலமும் குறைகிறது. நின்று ஓடும் காரில் பல்சக்கரப் பெட்டியும் சக்கரத் தாங்கிகளும் சூடாவதே இல்லை.

எனவே உரிய முறை இதுவாகும். இயந்திரத்தை இயக்கியபின் இருக்கை வாரை அணிந்து கண்ணாடிகளைச் சரிசெய்யும் அரை நிமிட அளவு போதும். அதற்குள் எண்ணெய் எங்கும் பரவிவிடும். பின்னர்க் காரை நகர்த்தலாம். நீலம் எரியும் வரை ஆக்சிலரேட்டர் மிதியைப் பாதிக்கு மேல் அழுத்தாமலும், சுழற்சிமானியின் முள் 2500-ஐத் தாண்டாமலும் ஓட்டுதல் வேண்டும். சுழற்சியை மிகக் குறைத்து, உயர்ந்த கியரில் இயந்திரத்தைத் திணற வைப்பதும் சுமையே. அதனையும் தவிர்க்க வேண்டும்.

விளக்கு அணைந்தவுடன் முழு வேகத்திற்கு உரிமை கிடைத்துவிட்டதாகவும் கொள்ளலாகாது. விளக்கு அறிவது கூலன்டின் சூட்டை மட்டுமே. எண்ணெயின் சூடு அதற்குப் பின்தங்கியே ஏறுகிறது. விளக்கு அணைந்தபின் மேலும் ஐந்து முதல் பத்து நிமிடம் மிதமாக ஓட்டினால்தான் எண்ணெயும் தன் நிலையை எய்தும்.

ஒரு சாலை, மூன்று பயணங்கள்

செம்பாக்கத்துக் காரை இப்போது பின்தொடர்வோம். ஓட்டுநர் சென்னைப் புறவழிச்சாலையில் ஏறி மதுரவாயல் செல்ல வேண்டும். வேளச்சேரி – தாம்பரம் சாலையில் இராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு, சேலையூர், கிழக்குத் தாம்பரம் என ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். சிக்னல்களும் பேருந்துகளும் அவரை வேகமெடுக்க விடுவதில்லை. நெரிசலை நொந்துகொள்ளும் அவர் அறியாமலே இயந்திரம் நன்முறையில் சூடேறுகிறது. சேலையூரை அடையுமுன்னோ பின்னோ நீலம் அணைந்துவிடும். மேம்பாலம் ஏறி, ஜி.எஸ்.டி. சாலையில் இரும்புலியூர் வரை செல்வதற்குள் எண்ணெய்க்கும் போதிய நேரம் கிடைத்துவிடுகிறது. புறவழிச்சாலையில் அவர் வேகமெடுக்கும்போது இயந்திரம் அதற்கு ஆயத்தமாக இருக்கிறது.

பெருங்களத்தூரில் அப்புறவழிச்சாலையின் தொடக்கத்தை ஒட்டிக் குடியிருப்பவரின் நிலை வேறு. அவர் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விரைவுப் போக்குவரத்தில் கலந்துவிடுகிறார். நீலம் எரிந்துகொண்டிருக்கும்போதே, பின்னால் வரும் லாரிகளின் வேகத்திற்கு ஈடுகொடுக்க ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்துகிறார். ஒருநாள் செய்தால் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கு முந்நூறு காலைகள் செய்தால், இயந்திரத்தின் தேய்மானத்தில் பெரும்பங்கு அந்த முதல் சில நிமிடங்களிலேயே நிகழும். அவர் செய்யத்தக்கது எளிது. குடியிருப்பின் உட்சாலைகள் வழியே இரண்டு கிலோமீட்டர் சுற்றி, நீலம் அணைந்தபின் புறவழிச்சாலையில் ஏறலாம். அதற்கு வழியில்லையேல் இடப்புறத் தடத்தில் கலந்து, சீரான மித வேகத்தில் சில நிமிடம் செல்லலாம். எனினும் விபத்தைத் தவிர்க்க முடுக்கியே ஆகவேண்டிய நொடியில் முடுக்குவதே அறிவுடைமை; உயிரைவிட இயந்திரம் பெரிதன்று.

மூன்றாமவர் சேலையூரில் வசிப்பவர். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட ஒன்றரை கிலோமீட்டர், மாலையில் கடைக்கு ஒரு கிலோமீட்டர். இவர் ஒருபோதும் விரைவதில்லை; ஆயினும் இவர் காரின் நீல விளக்கு அணைவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. எண்ணெயில் இறங்கிய பெட்ரோலும் நீரும் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் வெண்ணெய் போன்ற வெளிர்மஞ்சள் நுரை படிந்திருக்கக் காணலாம். கூலன்ட் குறையாமலிருக்க இந்நுரை மட்டும் தோன்றினால், குறும்பயணமே பெரும்பாலும் காரணம்; கூலன்டும் குறைந்துவந்தால், அது எண்ணெயில் கலக்கிறதா என உடனே பார்க்க வேண்டும். இத்தகையோர் வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுதல் நலம். கார் நிறுவனங்களின் கையேடுகள் தொடர்ச்சியான குறும்பயணத்தைக் கடும் பயன்பாடு எனவே வகைப்படுத்தி, எண்ணெயை முன்னதாகவே மாற்றுமாறு கூறுகின்றன.

விளக்கு அணையாவிடில்

பதினைந்து நிமிடம் ஓட்டிய பின்னும் நீலம் அணையவில்லையெனில், அது பழுதின் அறிகுறி. பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும். அல்லது முன்பு யாரேனும் அதனைக் கழற்றியிருப்பர். அல்லது உணரி பிழையான அளவைச் சொல்லும். இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய வழியுண்டு. குளிர்ந்த இயந்திரத்தை இயக்கி, ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் சரியாயிருந்தால், இயந்திரம் சூடாகியும் குழாய் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, கதவு திறந்ததும் சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே குழாய் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் கதவு மூடவில்லை. குழாய் உரிய முறையில் சூடாகியும் நீலம் எரிந்தால் உணரியை ஐயுறலாம். தொடும்போது விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் கையை விலக்கியே வைக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது. பணிமனையில் கணினிக் கருவியைப் பொருத்திப் பார்த்தால், கூலன்ட் உரிய சூட்டை எட்டவில்லை என்பதைக் குறிக்கும் P0128 என்னும் எண் திரையில் தோன்றலாம்.

இப்பழுதுடன் கார் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வழியில் நின்றுபோகாது. அதனாலேயே பலர் மாதக்கணக்கில் அதனைத் தள்ளிப்போடுகின்றனர். பெட்ரோல் செலவு கூடுவதும், எண்ணெய் விரைவில் கெடுவதும், புகையின் நச்சுத்தன்மை மிகுவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி சில நூறு டிகிரி சூட்டிலேயே செயல்படத் தொடங்குகிறது. குளிர்ந்த இயந்திரம் உமிழும் மிகுபெட்ரோல் புகை அதற்குப் பெருஞ்சுமை.

நீல விளக்கு கேட்பது சில நிமிடப் பொறுமையையே. அதனைக் காரை நிறுத்திவைத்துத் தரவேண்டியதில்லை. ஆக்சிலரேட்டர் மிதியின்மேல் உள்ள காலை இலேசாக வைத்துத் தந்தால் போதும்.